ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் கடிதம்

வீட்டுத் தரகர் ஒருவர் தன்னிடம் வாங்கியவர்கள், விற்றவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். எனக்கும் வருகிறது. கோவளத்தில் உள்ள என் சிறிய வீட்டை அவர் மூலமாகத்தான் வாங்கினேன். பெயர் சொல்லப் போவதில்லை. இப்படி எழுதுகிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்கிய யாரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒரு கடிதத்தைக் காட்டுவார்கள்.

"கோவளம் சந்தை நிலவரம்" என்று தலைப்பு. உள்ளே மூன்று செய்திகள்: நிலத்தின் சராசரி விலை இவ்வளவு ஏறிவிட்டது, அரசு வழிகாட்டி மதிப்பே 50 சதவீதம் உயர்ந்திருக்கிறது, வாடகை "மாதம் ஒரு லட்சம் வரை" கிடைக்கிறது. கடைசியில், "உங்கள் நண்பர்கள், உறவினர்கள் யாருக்காவது விற்கவோ வாங்கவோ எண்ணம் இருந்தால் எங்களிடம் அனுப்புங்கள்."

பார்த்தால் தகவல் மாதிரி இருக்கிறது. இது தகவல் இல்லை, வலை என்பது என் கட்சி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சராசரி. நான் படித்தது பிரெஞ்சு வழியில். கணக்கு வாத்தியார் அடிக்கடி சொல்வார், ஆப்பிளையும் பேரிக்காயையும் கூட்டாதே என்று. கோவளத்துக்காரர்களுக்கு வஞ்சிரத்தையும் மத்தியையும் சேர்த்துக் கிலோ விலை சொல்லாதே என்றால் உடனே புரியும். நேற்று ஏலத்தில் மத்தி அதிகம், இன்று வஞ்சிரம் அதிகம் என்றால் "மீன் சராசரி விலை" எகிறிவிடும். ஆனால் மத்தியும் ஏறவில்லை, வஞ்சிரமும் ஏறவில்லை.

நிலத்திலும் அதேதான். கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். உள்ளே தள்ளியிருக்கும் மனை ஒரு கிரவுண்டு 30 லட்சம், கடலோர மனை ஒரு கோடி. போன வருடம் நான்கு விற்பனை: மூன்று உள்ளே, ஒன்று கடலோரம். மொத்தம் 190 லட்சம், சராசரி 47.5 லட்சம். இந்த வருடமும் நான்கு: இரண்டு உள்ளே, இரண்டு கடலோரம். மொத்தம் 260 லட்சம், சராசரி 65 லட்சம். கடிதத்தில் "37 சதவீத உயர்வு" என்று வரும். எந்த மனையும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை! எத்தனை விற்பனை, எந்தப் பக்கத்தில், என்ன அளவு என்று சொல்லாத சராசரியை நம்ப வேண்டியதில்லை.

இன்னொன்று, கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் கேட்கும் விலை. விளம்பரத்தில் போட்ட விலை வேறு, கை மாறிய விலை வேறு. ஒருவர் 80 லட்சம் கேட்டு ஒரு வருடம் காத்திருந்து 62க்குக் கொடுத்தால் கடிதத்தில் நிற்பது 80தான். அந்த ஒரு வருடக் காத்திருப்பு எங்கேயும் வராது.

இரண்டாவது, வழிகாட்டி மதிப்பு. இதில் இருக்கும் வித்தையை அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன். தமிழக அரசு 2017 ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. அதே சமயம் பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக்கியது. பிறகு 2023 ஏப்ரல் 1 முதல் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோனது, பதிவுக் கட்டணத்தை இரண்டு சதவீதமாகக் குறைத்தது. அதற்குப் பின் வழக்கும் 2024இல் மறு திருத்தமும் வந்தது தனிக் கதை.

100 ரூபாய் 67 ஆனது, மறுபடி 100 ஆனது. 67இலிருந்து 100 என்றால் கிட்டத்தட்ட 50 சதவீத உயர்வு! கணக்கு சரி. ஆனால் 2017க்கு முன் இருந்த இடத்துக்குத்தான் திரும்பியிருக்கிறோம். குறைத்ததைச் சொல்லாமல் ஏற்றியதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை.

வாங்குகிறவருக்கு வேண்டிய கணக்கு வேறு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம் அப்படியே இருந்தது. 2017 குறைப்புக்கு முன், மதிப்பு 100 என்றால் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 8 ரூபாய். குறைத்த பிறகு 67க்கு 11 சதவீதம், ஏறக்குறைய 7 ரூபாய் 37 காசு. 2023இல் 100க்கு 9 சதவீதம், 9 ரூபாய். வழிகாட்டி மதிப்பிலேயே பதிகிறவருக்குச் செலவு கூடியிருக்கிறது என்பதுதான் செய்தி. அதைத் தரகர் "உங்கள் சொத்து வளர்ந்தது" என்று எழுதுகிறார். வழிகாட்டி மதிப்பு என்பது தீர்வை வசூலிக்க அரசு வைத்த அளவுகோல். நாளைக்கு உங்கள் வீட்டை அந்த விலைக்கு வாங்க அரசு வரப்போவதில்லை.

மூன்றாவது, வாடகை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். "ஒரு லட்சம் வரை" என்பதில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். சனி ஞாயிறு வந்து தங்குகிறவர்களுக்கு விடும் நீச்சல் குள வீட்டின் வரவு அது. இரவுக்கு 12,000 என்று வைத்தால் மாதம் எட்டு இரவுக்கு 96,000. அதில் காவலாள் சம்பளம், மின்சாரம், துவைப்பு, முன்பதிவு நிறுவனத்தின் பங்கு எல்லாம் போக வேண்டும். மழை மாதங்களில் வீடு பூட்டியே கிடக்கும். அது வாடகையே இல்லை, ஒரு வியாபாரத்தின் மொத்த வரவு.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு 7,000 ரூபாய் வாடகையில் இருக்கிறார். வீட்டுக்காரர் வெளிநாட்டில். இந்தக் கடிதம் அவருக்கும் போயிருக்கிறது. "அங்கே வாடகையெல்லாம் எங்கேயோ போய்விட்டதாமே, 12,000 கொடுங்கள்" என்று போனில் சொல்லிவிட்டார். அந்த அம்மா என்னிடம் வந்து, "ஐயா, எந்த வீட்டுக்கு அவ்வளவு தர்றாங்க, சொல்லுங்க" என்று கேட்டார். என்னால் ஒரு வீட்டையும் காட்ட முடியவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் வாடகையை உயர்த்த வேண்டும் என்று சொல்லி, ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொன்னேன். பதினோரு மாதத் தாளில் ஐந்து சதவீதம் என்று இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தியிருக்கிறார். அடுத்த கடிதம் வரும்போது என்ன செய்வார் என்று தெரியாது.

தரகரும் பிழைக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். அவர் உழைப்புக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ வாங்கட்டும். ஆனால் அந்தக் காசு சொத்து கை மாறினால்தான் வரும். அதனால் கடிதம் விற்பவனிடம் "விலை ஏறிவிட்டது, இப்போதே விற்றுவிடு" என்கிறது, வாங்குபவனிடம் "இன்னும் ஏறும், இப்போதே வாங்கிவிடு" என்கிறது. "சும்மா இரு" என்று எழுதிய கடிதத்தை நான் பார்த்ததில்லை.

பிரான்சில் 2019 முதல், விற்பனையான சொத்துக்களின் உண்மை விலையை, கடந்த ஐந்து வருடத்துக்கு, அரசே இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. தெருவைத் தேர்ந்தெடுத்தால் விலை தெரியும். இங்கே நமக்கு இருப்பது tnreginet.gov.in. சர்வே எண் தெரிந்தால் அதில் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கலாம். சான்றில் பத்திரத்தில் காட்டிய தொகை இருக்கும். தீர்வைக்குப் பயந்து குறைத்துக் காட்டும் பழக்கம் நம் ஊரில் உண்டு, ஆகவே அதுவும் முழு உண்மை இல்லை. ஆனாலும் கேட்ட விலைக்கும் எழுதிய விலைக்கும் நடுவில் எங்கோதான் உண்மை இருக்கிறது என்பதாவது தெரியும்.

நான் போன வாரம் அவருக்குப் பதில் எழுதினேன். மூன்றே கேள்வி: எத்தனை பத்திரம் பதிவானது? கேட்ட விலை என்ன, முடிந்த விலை என்ன? வருடம் முழுவதும் ஒரே குடும்பம் இருக்கும் வீட்டின் வாடகை என்ன? இதுவரை பதில் இல்லை. உங்களுக்கும் கடிதம் வந்தால் இதே மூன்றையும் கேளுங்கள். அதற்கு முன்னால் யார் பெயரையும் போன் எண்ணையும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.