நாற்பது வரியை அப்படியே ஃபோர்வர்ட் பண்ணாதீர்கள்



போன கிழமை நம்மட ஊர்க் குழு ஒன்றில் ஒரு தம்பி வாட்ஸ்அப் அப்டேட் பட்டியல் ஒன்றை, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டெடுத்த தமிழோடு அப்படியே கொட்டியிருந்தார். நாற்பது வரிக்கு மேல். கீழே முப்பது பேர் "ஜஸாக்கல்லாஹ் கைர்". எத்தனை பேர் வாசித்தார்களோ தெரியாது, நான் வாசித்தேன். எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ இருக்கிற ஒரு உம்மா இன்றைக்குச் செய்ய வேண்டியது என்று அதில் ஒன்றுமே இல்லை. அடுத்த நாள் இன்னொருவர் "உடனே அப்டேட் செய்யுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் நின்றுவிடும்" என்று போட்டார். அது சுருக்கம்தான், ஆனால் பொய்.

கம்பனிக்காரரை நம்பியும் பயனில்லை. பிளே ஸ்டோரில் புதியது என்ன என்று எழுத 500 எழுத்துதான் இடம். அதிலும் பலர் "பிழைகள் திருத்தப்பட்டன" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் வீட்டுக்குள் வந்து கைவைத்த மாற்றம் ஒன்றைச் சொல்கிறேன், பாருங்கள்.

2018 கடைசியிலிருந்து அண்ட்ரொயிட் போனின் வாட்ஸ்அப் பெக்கப் கூகுள் கணக்கின் இடத்தில் சேராமல் இருந்தது. எவ்வளவு வைத்தாலும் கணக்கில் வராது. 2023 நவம்பரில் அந்தச் சலுகை முடிகிறது என்று அறிவித்தார்கள். 2024 முற்பாதிக்குள் எல்லோருக்கும் படிப்படியாக வந்தது. இப்போது பெக்கப்பும் ஜிமெயிலும் போட்டோக்களும் ஒரே 15 ஜீபிக்குள். முன்னறிவிப்பு எங்கே வந்தது? `Chat backup` பக்கத்தில் ஒரு பட்டையாக. அந்தப் பக்கத்தை நம்மில் யார் திறந்து பார்க்கிறோம்?

15 ஜீபி நிறைந்தால் பெக்கப் மட்டும் நிற்பதில்லை. ஜிமெயிலுக்கு வருகிற கடிதமும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கட்டார் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு மெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, பதில் வரவில்லை என்றுதான் நினைப்பான். புத்தளத்திலும் மன்னாரிலும் பாதி பாதியாக இருக்கிற குடும்பக் குழுக்களில் ஒரு கலியாண வீடு முடிந்தால் எத்தனை வீடியோ விழுகிறது என்று உங்களுக்கே தெரியும். இடத்தைத் தின்பது அதுதான்.

இதைக் குழுவில் இப்படிப் போட்டிருந்தால் போதும்:

"அண்ட்ரொயிட் போன் உள்ளவர்களுக்கு மட்டும். வாட்ஸ்அப் பெக்கப் இனி உங்கள் கூகுள் 15 ஜீபியில் சேரும். நிறைந்தால் ஜிமெயில் வராது. `Settings > Chats > Chat backup` போய் `Include videos` என்பதை நிறுத்துங்கள்."

யாருக்கு, என்ன நின்றுபோகும், என்ன செய்ய வேண்டும். இதுக்கு மேலே ஒரு வரியும் தேவையில்லை. முதல் வசனத்தை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் ஐபோன் வைத்திருக்கிற நானாமார் "எனக்கு ஒன்றும் மாறவில்லையே, வதந்தி" என்று எழுதத் தொடங்குவார்கள். அவர்களின் பெக்கப் போவது ஐகிளவுட்டுக்கு, இந்த மாற்றம் அவர்களைத் தொடவேயில்லை.

நான் ஒரு பட்டியலை வடிக்கும்போது ஒவ்வொரு வரியிடமும் கேட்பது: இதனால் ஏதாவது நின்றுபோகுமா, காசோ டேட்டாவோ இடமோ கூடப் போகுமா, என்னுடையதை இன்னொருவர் புதிதாகப் பார்ப்பாரா? மூன்றுக்கும் இல்லை என்றால் வெட்டு. ஸ்டிக்கர், நிறம், புதுப் பட்டன் எல்லாம் அப்படியே போய்விடும். நாற்பதில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும், சில மாதம் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சாவிட்டால் பேசாமல் இருங்கள்.

ஆனால் வெட்டக் கூடாத சொற்களும் உண்டு. 2025 ஏப்ரலில் கூகுள் தன் பிளே சேவைகளின் பட்டியலில் ஒரு வரி போட்டது: மூன்று நாள் தொடர்ந்து பூட்டிக் கிடக்கிற போனைத் தானாக மறுதொடக்கம் செய்யும் பாதுகாப்பு வசதி, எதிர்காலத்தில் வரும், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று. இதைச் சுருக்குகிற ஆள் "எதிர்காலத்தில்", "விரும்பினால்" என்ற இரண்டையும் விட்டுவிட்டால் "உங்கள் போன் தானாக அணையப் போகிறது" என்று ஊர் முழுக்கப் பீதி. நீளத்தைக் குறைக்கிறேன் என்று நிபந்தனையைக் குறைப்பதுதான் நம்மட ஆட்களின் பெரிய பிழை. பாடசாலையில் பிள்ளைகள் சுருக்கம் எழுதும்போது செய்வதும் இதேதான், அங்கே புள்ளிதான் போகும்.

"எல்லாத்தையும் போட்டால் வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள்தானே சேர்" என்று அந்தத் தம்பி கேட்டார். எடுப்பதில்லை தம்பி. நாற்பது வரிக்குள் ஒரு முக்கிய வரி இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

அட்மின்மார் இன்றைக்கே `one.google.com/storage` திறந்து உங்கள் கணக்கைப் பாருங்கள். 14 ஜீபியைத் தாண்டியிருந்தால் வாட்ஸ்அப்பில் `Settings > Storage and data > Manage storage` போய், 5 எம்பிக்கு மேற்பட்டவற்றையும் பலமுறை ஃபோர்வர்ட் ஆனவற்றையும் அழியுங்கள். அழித்த பிறகு பெக்கப்பை ஒருமுறை புதிதாக எடுங்கள். அதை எடுக்கும்வரை பழைய பெக்கப் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.