உள்ளூருக்கு 54 நிமிடம்

சென்னையில் இரவு 9 மணிக்கு ஒரு நெடுந்தொடர் தொடங்கும்போது, கோடையில் டொரன்டோவில் காலை 11.30. செயலி வழியாகச் சந்தா கட்டியிருப்பவர் அன்றைய அத்தியாயத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்து முடித்துவிடலாம். அதே தொடரை உரிமம் வாங்கி மாலையில் ஒளிபரப்பும் டொரன்டோத் தமிழ் அலைவரிசை, பலருக்குத் தெரிந்துவிட்ட கதையைத்தான் சொல்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. தமிழ்க் கடைகளில் கேசட்டை வாடகைக்கு எடுத்துத் தொடர் பார்த்த வீடுகளுக்கு, கேபிள் பெட்டியில் முழுநேரத் தமிழ் அலைவரிசை வந்தது பெரிய வசதி. டிவிஐ போன்ற நிறுவனங்கள் வளர்ந்தது அந்தக் காலத்தில். 'மெட்டி ஒலி'யும் 'கோலங்க'ளும் சென்னையில் கொடிகட்டிப் பறந்த வருடங்கள் அவை. மாலையில் தொடர், அதைச் சுற்றி உள்ளூர் நிகழ்ச்சி என்ற அமைப்பு அப்போது உருவானது. தொடரின் மீதிருந்த ஏகபோகம் போய்விட்டது. 2017-இல் சன் நெக்ஸ்ட் செயலி வந்த பிறகு அதற்கு வாய்ப்பே இல்லை. அமைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

"இறக்குமதித் தொடர்கள் உள்ளூர்த் தயாரிப்பை விழுங்கிவிட்டன" என்று புலம்பெயர் மேடைகளில் அடிக்கடி பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தொடரின் செலவு இந்திய விளம்பரத்திலேயே மீண்டுவிடுகிறது. கடல் கடந்து விற்கும் உரிமம் தயாரிப்பாளருக்கு மேல்வருமானம், அதனால் மலிவு. அந்த மலிவுச் சரக்குதான் நாள் முழுவதும் திரையை நிரப்பி, வீட்டிலிருக்கும் முதியவர்களை அலைவரிசையில் பிடித்து வைத்தது. அது இல்லாவிட்டால் உள்ளூர் நிகழ்ச்சிக்கு முன்னால் உட்கார ஆளே இருந்திருக்காது. கோளாறு வேறு இடத்தில், உள்ளூர் நிகழ்ச்சியை எப்படி அளக்கிறோம், அதற்கு யார் பணம் தருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் அளவை. கனடாவின் ஒளிபரப்பு ஆணையமான சிஆர்டிசி, ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத மொழிகளின் சிறப்பு அலைவரிசைகளுக்கு 2000-களில் வழங்கிய உரிமங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருந்தது: ஒளிபரப்பு நாளில் 15 சதவீதமும், மாலை 6 முதல் நள்ளிரவு வரையான நேரத்தில் 15 சதவீதமும் கனடிய நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். 18 மணி நேர நாள் என்று வைத்துக்கொண்டால் 162 நிமிடம். மாலைப் பங்கு 54 நிமிடம். இது சராசரிக் கணக்குதான் என்றாலும், நிகழ்ச்சி நிரல் போடுபவரின் மனதில் உட்கார்ந்திருக்கும் எண்கள் இவை.

இந்த எண்களை எட்ட எவ்வளவு உழைக்க வேண்டும்? இரவு ஒரு மணி நேரம், நேயர்கள் தொலைபேசியில் பேசும் நேரலை. அதையே மறுநாள் காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை மறு ஒளிபரப்பு. மொத்தம் 180 நிமிடம். இரண்டு கணக்கும் நேராகிவிட்டது. மறு ஒளிபரப்பும் கணக்கில் சேரும் என்பதால் இதில் சட்ட மீறல் ஏதுமில்லை. ஒரு நெறியாளர், இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி இணைப்பு போதும். ஸ்கார்பரோவின் வாழ்க்கையைக் காட்ட கேமரா ஸ்டூடியோ வாசலைத் தாண்ட வேண்டிய கட்டாயமே இல்லை.

அடுத்தது பணம். பெரிய நிறுவனங்களின் விளம்பரம் இந்தச் சிறு சந்தைக்கு எளிதில் வருவதில்லை. வருபவர்கள் வீடு விற்பனை முகவர், அடமானக் கடன் தரகர், காப்புறுதி முகவர், குடிவரவு வழக்கறிஞர், நகைக்கடைக்காரர், விழா மண்டபக்காரர். இவர்களில் பலருக்கு முப்பது விநாடி விளம்பரம் போதாது. அரைமணி நேரம் வேண்டும். நேரத்தை வாங்குபவரே விருந்தினராகவும் வந்து அமர்கிறார். வீட்டு விலை ஏறுமா இறங்குமா என்பதை வீடு விற்பவரிடமே கேட்கும் நிகழ்ச்சி இப்படித்தான் பிறக்கிறது. அடையாளம் காண்பது கடினமல்ல. விருந்தினரின் தொலைபேசி எண் தொடக்கம் முதல் முடிவு வரை திரையின் அடியில் ஓடும். நெறியாளர் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வார், பதிலை மறித்து இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார். இதுவும் கனடாவில் தயாரானதுதான். ஆனால் இந்த நிகழ்ச்சிகளை மட்டும் பார்ப்பவருக்கு, கடன் வாங்கி வீடு வாங்குவதைத் தவிர இந்த ஊரில் தமிழருக்கு வேறு அலுவல் இல்லை என்றே தோன்றும்.

இவ்வளவுக்கும் நடுவே, எந்தச் சென்னைச் செயலியும் தர முடியாத ஒன்றை இந்த அலைவரிசைகள் தருகின்றன: மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தின் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், கொழும்பையோ வேறு நகரையோ வாழ்விடமாகவும், மார்க்கத்தைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, பிள்ளைகள் இருக்கும் நாடுகள், பார்வைக்கு வைக்கும் நேரம், தகனம் நடக்கும் இடம் என்று போகும். ஊர் சிதறியவர்களுக்கு அது ஒரு செய்தி அறிக்கை. கிராமத்தின் பெயர் காதில் விழுந்ததும் சமையலறையிலிருந்து ஆள் எட்டிப் பார்ப்பார். குடும்பங்கள் கட்டணம் கட்டுவதால் அலைவரிசைக்கும் வருமானம். அதை எழுதுபவர்களைக் கவனித்தால் ஓர் உண்மை புரியும்: ஊர், உறவு, இடம் மூன்றையும் பிழையின்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே இருக்கிறது. தவறினால் மறுநொடி தொலைபேசி அடிக்கும். பேச்சு நிகழ்ச்சிகளுக்கு அப்படி ஒரு கண்டிப்பு இல்லை.

சரி, டொரன்டோவே தொடர் எடுக்கக் கூடாதா? சிங்கப்பூரின் வசந்தம் எடுக்கிறதே என்பார்கள். 2008-இல் தனி அலைவரிசையான வசந்தம் 'வேட்டை' போன்ற காவல்துறைத் தொடரை எடுக்க முடிந்ததற்குக் காரணம், பொதுச் சேவை ஒளிபரப்புக்கு அங்கே அரசு பணம் தருவதுதான். அது சமூகம் நடத்தும் அலைவரிசை அல்ல. சென்னையிலோ ஒரே பங்களாவில் மாதக்கணக்கில் படம்பிடித்து நூற்றுக்கணக்கான அத்தியாயங்களுக்குச் செலவைப் பரப்பிவிடுகிறார்கள். டொரன்டோவில் நடிகரும் ஒலிப்பதிவாளரும் வார நாளில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். படப்பிடிப்பு சனி, ஞாயிறில் மட்டும். பனிக்காலத்தில் வெளிப்புறக் காட்சி சந்தேகம். தினத்தொடர் அங்கே நடக்காத காரியம். திறமைக்குக் குறைவில்லை. லெனின் எம். சிவம் '1999', 'எ கன் அண்ட் எ ரிங்' ஆகிய படங்களை டொரன்டோத் தமிழர் வாழ்விலிருந்தே எடுத்தார். அவரைப் போன்றவர்கள் திரைப்படத்துக்கும் விழாக்களுக்கும் போனார்கள். அலைவரிசையில் அவர்களுக்கு இடமும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை.

ஆகவே நாடகத்தை விட்டுவிடலாம். வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், வெளியே போய் எடுக்கும் ஒரே ஒரு செய்தி நிகழ்ச்சி போதும். 2011-இல் ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானதிலிருந்து தமிழ் வேட்பாளர்கள் எல்லா மட்டத்திலும் நிற்கிறார்கள். தேர்தலுக்கு முன் அவர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு சரி. வென்ற பிறகு நகரசபையிலும் கல்விச் சபையிலும் அவர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று தமிழில் கேட்பது யார்? அந்தக் கூட்டங்கள் பொதுவில் நடக்கின்றன. போய்ப் பதிவு செய்ய ஒரு கேமராவும், நிகழ்ச்சி நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு செய்தியாளரும் வேண்டும். செலவு அந்தச் செய்தியாளரின் சம்பளம்தான். அதை வீட்டு முகவர் ஒருவரின் அரைமணி நேரக் கட்டணத்திலிருந்தே கொடுக்கலாம், அந்த முகவர் விருந்தினர் நாற்காலியில் அமராமல் இருக்கச் சம்மதித்தால்.

ஆணையமும் ஒன்று செய்யலாம். கனடிய உள்ளடக்கத்தைக் கணக்கிடும்போது முதல் ஒளிபரப்பைத் தனியாகவும் மறு ஒளிபரப்பைத் தனியாகவும் காட்டச் சொல்லட்டும். சதவீதத்தை உயர்த்தத் தேவையில்லை. உயர்த்தினால் அதே நேரலையை நான்காவது முறையும் போடுவார்கள். அலைவரிசைக்காரர்கள் அந்த வாராந்தரச் செய்தி நிகழ்ச்சியை ஞாயிறு பிற்பகலில் ஒளித்து வைக்காமல், ஏற்கெனவே எல்லோரும் கைப்பேசியில் பார்த்து முடித்துவிட்ட தொடரின் இரவு 8 மணி இடத்தில் போட வேண்டும்.