‘பெட்டி வரேல்லை’ என்று எழுதினால் மட்டும் போதாது

கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து சனம் திரும்பத் தொடங்கினால், ஸ்காபரோவில் என்னைப் போல ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்களுக்கு வேலை கூடிவிடும். பாதிக் கடிதங்கள் தொலைந்த பெட்டியைப் பற்றியவை. பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள் அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலமாக்கி அனுப்பியிருப்பார்கள். மறுமொழியாக ஒரு மன்னிப்பு மட்டும் வந்திருக்கும். பிள்ளைகளின் ஆங்கிலத்தில் பிழை இருக்காது. அம்மாவின் கதையைத் திருப்பிக் கேள்வி கேட்காமல் மொழிபெயர்த்ததுதான் பிரச்சினை.

அண்மையில் ஒரு அன்ரி சொன்னது இது: “தம்பி, ரண்டு பெட்டி போட்டனான், ஒண்டுதான் வந்தது. போன மாசம் நடந்தது. பட்டுச்சேலை, முக்கால் பவுண் மோதிரம் எல்லாம் போட்டுது. ஒரு நியாயம் கேட்டு எழுதிவிடு.”

இதில் மூன்று சொற்களை அப்படியே ஆங்கிலமாக்கக்கூடாது.

முதலாவது, ‘போன மாசம்’. 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைதான் சர்வதேசப் பயணப் பெட்டிகளுக்கான சட்டம். அது நாட்களை எண்ணும். பெட்டி வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராவிட்டால்தான் அது ‘தொலைந்தது’. அதுவரை அது ‘தாமதம்’. அன்ரி பியர்சனில் இறங்கியது ஜூலை 4. ஆகவே ஜூலை 25 கடந்த பிறகு ‘தாமதம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘தொலைந்தது’ என்றே எழுதினோம். பெட்டி உடைந்து வந்திருந்தால் கணக்கு வேறு: கையில் கிடைத்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பிந்தி வந்திருந்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாள். திகதியை எழுதும்போது மாதத்தின் பெயரையும் எழுதுங்கள். 4/7 என்று போட்டால் இங்கே பலர் அதை ஏப்ரல் 7 என்றே வாசிப்பார்கள்.

இரண்டாவது, ‘பவுண்’. இதை ஒலிப்படி ஆங்கிலத்தில் போட்டால், வாசிப்பவர் அதை இறாத்தல் என்றோ இங்கிலாந்துக் காசு என்றோ எடுத்துக்கொள்வார். ஒரு பவுண் 8 கிராம். ஆகவே 6 கிராம் தங்க மோதிரம், வாங்கிய ஆண்டு, விலை, பற்றுச்சீட்டு என்று எழுத வேண்டும். நகையை ஏன் சோதனைப் பெட்டியில் வைத்தீர்கள் என்று நிறுவனம் வாதாடத்தான் செய்யும். நகை கைப்பையில் வரவேண்டிய பொருள்தான். ஆனாலும் உள்ளதை மறைக்காமல் எழுதுவதே நல்லது.

மூன்றாவது, ‘நியாயம்’. கடிதத்தை வாசிக்கும் அலுவலரிடம் நியாயத்துக்கென்று ஒரு பெட்டி இல்லை, தொகைக்குத்தான் இருக்கிறது. அன்ரியோடு இருந்து கணக்குப் போட்டோம். இரண்டு சேலை 640 டொலர், மோதிரம் 780, உடுப்புகள் 260, பெட்டி 120. பெட்டி வருமென்று காத்திருந்த நாட்களில் வாங்கிய அவசியப் பொருட்கள் பற்றுச்சீட்டுகளோடு 145. மொத்தம் 1,945 டொலர். இரண்டாவது பெட்டிக்குக் கட்டிய 100 டொலரைத் தனியாகக் கேட்டோம். தொலைந்த பெட்டிக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதி.

உடன்படிக்கையின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். கனேடிய டொலரில் அதன் பெறுமதி மாற்று விகிதத்தோடு மாறும். இது உச்சவரம்பு மட்டுமே, எல்லோருக்கும் கிடைக்கும் பரிசுத்தொகை அல்ல. நட்டத்தைக் காட்டினால்தான் கிடைக்கும்.

கடிதத்தின் முதல் பந்தியில் விமான இலக்கம், இறங்கிய திகதி, பெட்டிச் சீட்டின் 10 இலக்கங்கள், விமான நிலையத்தில் தந்த முறைப்பாட்டு இலக்கம் ஆகியவை வரவேண்டும். அந்த முறைப்பாட்டு இலக்கம் பியர்சனில் பதிந்ததென்றால் YYZ என்று தொடங்கும். கடைசிப் பந்தியை இப்படி முடித்தோம்: “1,945 டொலர் இழப்பீட்டையும் 100 டொலர் பெட்டிக் கட்டணத்தையும் இக்கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் செலுத்துமாறு கேட்கிறேன்.” அந்த 30 நாளுக்கும் காரணம் உண்டு. நிறுவனத்துக்கு எழுதி 30 நாளில் தீர்வு வராவிட்டால் கனேடியப் போக்குவரத்து முகமையிடம் இலவசமாக முறையிடலாம். வழக்குப் போடுவதென்றால் இரண்டு ஆண்டு எல்லை.

அன்ரிக்கு ஒரு குறை. “நான் அழுததை நீ எழுதேல்லையே” என்றா. அது நியாயமான கேள்விதான். ஆனால் தாயின் கூறைச்சேலைக்குச் சட்டம் விலை போடாது, சேலையின் விலையைத்தான் போடும். அழுகையை ஒரு வசனத்தில் வைத்துவிட்டு மிச்ச இடத்தை இலக்கங்களுக்குக் கொடுத்தோம்.

வீட்டில் மொழிபெயர்க்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். பேனை எடுக்க முதல் அம்மாவிடம் கேளுங்கள்: எந்த நாள், எத்தனை, எவ்வளவு, என்ன வேணும்? நாலுக்கும் மறுமொழி கிடைத்த பிறகு எழுதத் தொடங்குங்கள்.