அறுபத்தெட்டுப் பைசா

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா மகன் விழுப்புரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். தினமும் ரயிலில் போய் வருகிறான். போன மாதம் அவனோடு ஒருநாள் போனேன். ரயில் கிளம்பியதும் போனை எடுத்தான். கரண்ட் பில் கட்டினான். அடுத்த நிமிஷமே, “மாமா, மூணு ரூபா வந்திருக்கு!” என்றான். பிளஸ் டூவில் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி முகத்தில் ஒரு வெளிச்சம்.

நான் பி.காம். படித்தவன். மூன்று ரூபாய் வரவு என்றால், பற்று எந்தப் பக்கம் என்று தேடுவது எங்கள் ஜாதி புத்தி. “மூணு மாசக் கணக்கைக் காட்டுடா” என்றேன். விழுப்புரம் வருவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது.

ஆப் காட்டிய மொத்த ‘சம்பாத்தியம்’ 460 ரூபாய். அதில் 399 ரூபாய் கூப்பன்கள். 999 ரூபாய்க்குச் செருப்பு வாங்கினால் நூறு ரூபாய் தள்ளுபடி என்கிற ரகம். அவனுக்குச் செருப்பு தேவைப்படவில்லை. ஆனால் கூப்பன் காலாவதியாகப் போகிறதே என்று வாங்கிவிட்டான்! அதை வரவு என்று எழுதினால் எங்கள் புரொபசர் நோட்டைத் தூக்கி எறிவார். அது 899 ரூபாய் செலவு.

பேங்க் கணக்குக்கு நிஜமாக வந்து சேர்ந்தது 61 ரூபாய். தொண்ணூறு நாளைக்கு. ஒரு நாளைக்கு அறுபத்தெட்டுப் பைசா. தினம் பத்து நிமிஷம் அந்த ஆப்பில் போகிறது என்று அவனே சொன்னான். பதினைந்து மணி நேர உழைப்பு. மணிக்கு நாலு ரூபாய் கூலி. எந்தக் கொத்தனார் கையாளாவது அந்தக் கூலிக்கு வருவாரா?

“சும்மா வர்ற காசுதானே மாமா?”

அங்கேதான் நான் சண்டைக்கு வருகிறேன். சும்மா எவன் தருவான்?

யோசித்துப் பாருங்கள். 2020 ஜனவரி முதல், பேங்க் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யில் நீங்கள் செலுத்தும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. அப்படியிருந்தும் உங்களுக்கு மூன்று ரூபாய் தருகிறார்கள். அப்படியானால் லாபம் அந்தப் பரிவர்த்தனையில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது. அந்த வேறு எங்கோ, பெரும்பாலும் உங்கள் எஸ்.எம்.எஸ். பெட்டி.

ஒரு வகையை மட்டும் இதிலிருந்து கழித்துவிடுகிறேன். ஆப்பிலிருக்கும் லிங்க் வழியாக ஒரு ஆன்லைன் கடைக்குப் போய்ப் பொருள் வாங்கினால், கடை தருகிற கமிஷனில் பங்கு கொடுப்பார்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிகிறவரை காசு நிலுவையில் நிற்கும். எரிச்சலான விஷயம்தான். ஆனால் காசு எங்கிருந்து வருகிறது என்பது தெரிகிறது. அந்த வகையிலும் என்ன வாங்கினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதோடு நிறுத்திக்கொண்டால் சரி. நம் ஆள் போனில் இருந்தது நிறுத்திக்கொள்கிற ரகம் இல்லை.

ஆப்பை நிறுவும்போது ‘எஸ்.எம்.எஸ். அனுமதி தருகிறீர்களா?’ என்று ஒரு பெட்டி வரும். நாம் Allow அமுக்குவோம். யு.பி.ஐ. ஆப்புக்கு இதில் நியாயமான காரணம் ஒன்று உண்டு. அந்த சிம் கார்டு உங்களுடையதுதானா என்று சரிபார்க்க, உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். அது ஒரே ஒரு முறை. ஆனால் ஆண்ட்ராய்டில் அனுப்புவதற்கும் படிப்பதற்கும் கேள்வி ஒன்றுதான். வாசலில் தபால் போடக் கதவைத் திறந்தோம், பீரோ சாவியும் சேர்ந்து போய்விட்டது.

“ஓ.டி.பி. படிக்கணுமே?” என்பீர்கள். வேண்டியதில்லை. அந்த ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் ஆப்பிடம் தருவதற்கு ஆண்ட்ராய்டிலேயே தனி வழி இருக்கிறது. இன்னும் பெரிய சாட்சி ஐபோன். அதில் இந்த ஆப்களால் உங்கள் எஸ்.எம்.எஸ். பெட்டியைப் படிக்கவே முடியாது, ஆப்பிள் விடுவதில்லை. அங்கேயும் கேஷ்பேக் ஆப்கள் ஜோராக ஓடுகின்றன. அப்படியென்றால் நம்ம போனில் மட்டும் எதற்கு?

நம் எஸ்.எம்.எஸ். பெட்டியில் காதல் கடிதமா இருக்கிறது? இல்லை. அதைவிட விலை உயர்ந்தது இருக்கிறது. சம்பளம் எந்தத் தேதியில் எவ்வளவு ஏறியது, பதினெட்டாம் தேதி மீதி எவ்வளவு, எந்த மாதம் ஈ.எம்.ஐ. பவுன்ஸ் ஆனது, எந்த லேபில் ரத்தப் பரிசோதனை, எல்.ஐ.சி. பிரீமியம் தவறியதா... எல்லாம் தேதிவாரியாக. ஒரு ஆடிட்டர் இதைத் தயாரிக்க வேண்டுமென்றால் ஒரு வாரம் ஆகும், ஃபீஸும் கேட்பார். நாம் அறுபத்தெட்டுப் பைசாவுக்குத் தினமும் தருகிறோம்.

இதைக் கடன் கொடுக்கிறவன் விரும்பி வாங்குவான். உங்களுக்கு எந்தத் தேதியில் கை வறண்டுபோகும் என்று தெரிந்தால், அந்தத் தேதியில் போன் அடிக்கலாம் அல்லவா? அக்கா மகனுக்கு மாதக் கடைசியில் ‘முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட கடன்’ என்று மெசேஜ்கள் வருகின்றன. அந்த ஆப்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி இருப்பதுதான் இந்த வியாபாரத்தின் சௌகரியமே.

தெரு முனை அண்ணாச்சிக்கும் நம்மைப் பற்றி எல்லாம் தெரியுமே என்று சிலர் வாதாடுகிறார்கள். தெரியும். நான் எந்த மாதம் கடன் சொன்னேன் என்பது அவர் நோட்டில் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டை அவர் வட்டிக்கடைக்காரருக்கு வாடகைக்கு விடுவதில்லை. விட்டால் கடைக்குப் போய்ச் சட்டையைப் பிடிப்பேன். இந்த ஆப்காரரின் சட்டை எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பொருள் வாங்குகிறவர்களுக்குப் பரிசு ஆசை காட்டும் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் இங்கே 1979-லேயே வந்துவிட்டது. 2017-ல் கூகுள் தன் ‘தேஸ்’ ஆப்பைக் கொண்டு வந்தபோது, சுரண்டல் அட்டைப் பரிசிலிருந்து தமிழ்நாட்டை ஒதுக்கி வைத்தது இதனால்தான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. அங்கே இந்தச் சட்டம் இல்லை. புதுச்சேரிக்குப் போக இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஏற்கெனவே ஒரு காரணம் உண்டு, இன்னொன்று கிடைத்தது!

ஆனால் கவனியுங்கள். ஆசை காட்டிச் சுரண்ட வைப்பதைத் தடுக்க 1979-ல் சட்டம் போட்டார்கள். நம்மைச் சுரண்டுவதைத் தடுக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வருஷம்தான் வந்தது. அதில் அருமையான உதாரணம் ஒன்று இருக்கிறது. போனில் வைத்தியம் பார்க்கும் ஒரு ஆப் உங்கள் தொலைபேசி எண்களின் பட்டியலையும் கேட்கிறது, நீங்களும் சரி என்கிறீர்கள். வைத்தியத்துக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை, ஆகவே அந்தச் சம்மதம் வைத்தியத்துக்கான தகவலோடு நின்றுவிடும் என்கிறது சட்டம். கேஷ்பேக்குக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் அப்படியே பொருத்திப் பாருங்கள். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அமலுக்கு வரப் பதினெட்டு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு Allow அமுக்க ஒரு வினாடி, அவர்களுக்குத் திருந்த ஒன்றரை வருஷம்!

அதுவரைக்கும் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். போனை எடுங்கள். Settings, அதில் Apps, அந்த ஆப், அதில் Permissions. SMS என்று இருப்பதைத் தொட்டு Don't allow வையுங்கள். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், தேடினால் கிடைக்கும். Contacts, Location இரண்டையும் அப்படியே பாருங்கள். யு.பி.ஐ. ஆப் என்றால் மறுபடி அனுமதி கேட்டு அடம்பிடிக்கலாம், அதை வைத்துக்கொள்வது உங்கள் முடிவு. வெறும் கூப்பன் ஆப் அடம்பிடித்தால், அது எதற்காக இருக்கிறது என்று அதுவே சொல்லிவிட்டது. தூக்கிவிடுங்கள். தூக்குவதற்கு முன் ஆப்புக்குள்ளேயே கணக்கை அழிக்கும் இடத்தைத் தேடி அழியுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால், ஏற்கெனவே போன தகவல் அங்கேயேதான் கிடக்கும்.

விழுப்புரம் பிளாட்பாரத்தில் நின்றபடியே அக்கா மகன் இதைச் செய்தான். எஸ்.எம்.எஸ். அனுமதியை எடுத்ததும் ஆப் ஒரு பெட்டி காட்டியது. அனுமதியைத் திருப்பிக் கொடுத்தால் ஐம்பது ரூபாய் போனஸ் என்றது.

“மாமா, மூணு மாசத்துல மொத்தமே 61 ரூபாதானே குடுத்தான்?” என்றான்.

பையன் கணக்கு எழுதுகிறவன்தான்.