அண்ணியின் பாக்கெட் கணக்கு

பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அண்ணி எழுதிக் கொடுத்த குறிப்பு என்னிடம் இருக்கிறது. மொத்தமே மூன்று வரி. ‘மாரி பிஸ்கட் 1 பாக்கெட். மில்க்மெய்டு 1 டின். கோகோ, தேங்காய்ப் பூ கொஞ்சம் போட்டுப் பிசைந்து உருட்டி ஃபிரிட்ஜில் வைக்கவும்.’

போன வருஷம் மகளின் பிறந்தநாளுக்கு அதை அப்படியே செய்தேன். உருண்டை வரவில்லை, களி வந்தது. அண்ணிக்கு போன் போட்டேன்.

“எத்தனை கிராம் பாக்கெட் வாங்கினே?”

“பாக்கெட்னுதானே எழுதியிருக்கீங்க?”

“நான் எழுதினப்போ எங்க தெருக் கடையில ஒரே ஒரு சைஸ்தான் இருந்துச்சுடி.”

அடுப்பில் வைக்கும் பண்டமாக இருந்தால் தண்ணீர் அதிகமானாலும் இன்னும் கொஞ்ச நேரம் கிளறி வற்றவைத்துவிடலாம். இதில் அந்த வழி இல்லை. கண்டென்ஸ்டு மில்க்கில் கால் பங்குக்குச் சற்று மேல் தண்ணீர். அதைக் குடித்து இறுகவேண்டிய வேலை முழுக்க பிஸ்கட் தூளுக்கும் தேங்காய்த் தூளுக்கும்தான். ஆகவே எடை தவறினால் எல்லாமே தவறும். பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் கிராம் கணக்கைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். நமுத்த பிஸ்கட் ஏற்கெனவே ஈரம் குடித்து உட்கார்ந்திருக்கும், அது வேண்டாம். க்ரீம் பிஸ்கட்டும் சரிப்படாது.

தேங்காயில்தான் நம் கை அரிக்கும். வீட்டில் நல்ல தேங்காய் இருக்க, காசு கொடுத்து உலர்ந்த தூள் எதற்கு என்று தோன்றும். பச்சைத் தேங்காய்த் துருவலில் ஈரம் அதிகம். உருண்டை இறுகாது, நம் ஊர் வெயிலில் சாயங்காலத்துக்குள் புளிப்பு வாடையும் அடித்துவிடும். இன்னொன்று, வெண்ணெய். பல குறிப்புகளில் இருக்கும், நான் சேர்ப்பதில்லை. மே மாத மொட்டைமாடியில் வெண்ணெய் உருகி, உருண்டை தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்த வருஷம் புதிதாக ஒரு அட்டை எழுதினேன்:

மாரி பிஸ்கட் 250 கிராம்
கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம்
இனிப்பில்லாத கோகோ 3 மேசைக்கரண்டி
உலர்ந்த தேங்காய்த் தூள் 80 கிராம். உருட்டிப் புரட்ட இன்னும் ஒரு கைப்பிடி

எல்லாம் சேர்ந்தால் முக்கால் கிலோ. நெல்லிக்காய் அளவுக்குப் பிடித்தால், ஒன்று 20 கிராம் வீதம், 37 வரும். 16 பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு போக, சமையலறையில் காணாமல் போகிறவற்றுக்கும் கணக்கு இருக்கிறது.

பிஸ்கட்டை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, ரவைபோல் பொடித்துக்கொள்ளுங்கள். அங்கங்கே சிறு துண்டு கிடந்தால் கடிக்க நன்றாக இருக்கும். கோகோவைச் சலிக்காமல் போட்டால் கட்டி தட்டி, கடிக்கிற பிள்ளை கசப்பில் முகம் சுளிக்கும். பாலை மட்டும் ஒரே மூச்சில் ஊற்றாமல், இரண்டு கரண்டி நிறுத்திவைத்துப் பிசையுங்கள்.

பிசைந்தவுடன் கையில் ஒட்டத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் பிஸ்கட் கொட்டுகிறவர்கள் மறுநாள் கல் உருண்டை சாப்பிடுவார்கள். மூடி ஃபிரிட்ஜில் 30 நிமிடம் வையுங்கள், தூள் பாலைக் குடித்துவிடும். பிறகு கொஞ்சம் எடுத்து அழுத்திப் பாருங்கள். விளிம்பு வெடித்தால் நிறுத்திவைத்த பாலைச் சேருங்கள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றால் பதம். அரை மணிக்குப் பிறகும் வழிந்தால் மட்டும் பிஸ்கட் தூள், ஒவ்வொரு கரண்டியாக. உள்ளங்கையில் துளி நெய் தடவி உருட்டி, தேங்காய்த் தூளில் புரட்டுங்கள்.

முந்தின நாள் ராத்திரியே செய்துவைக்கலாம். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் டப்பாவைத் திறந்தால் உருண்டைகளுக்கு வியர்த்துவிடும். கால் மணி நேரம் மூடியபடியே வெளியே இருக்கட்டும். கலர் மிட்டாய்த் தூவல் வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால், கேக் வெட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் புரட்டுங்கள். ராத்திரியே புரட்டினால் சாயம் இறங்கி, ஹோலி முடிந்த சட்டைபோல் ஆகிவிடும்.

நாலு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உருண்டை வேண்டாம். வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும். அவர்களுக்கு பேடாபோல் மெல்லிசாகத் தட்டி, கால் கால் துண்டாகக் கொடுப்பேன். கோதுமையோ பாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை வருகிறதா என்று அம்மாக்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவதும் உண்டு. பார்வைக்கு வெறும் சாக்லேட்போல் இருப்பதால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

புது அட்டையைப் படமெடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“எல்லாம் சரி, நடுவுல வைக்கிற முழு பாதாம் எங்கே?”

“உங்க அட்டையிலயே இல்லையே அண்ணி.”

“அதை எழுதணுமா? எல்லாருக்கும் தெரியுமேடி!”