ஒரே கடிதத்தில் நான்கு மனுக்கள்

2007-ஆம் ஆண்டில் மணிப்பூரில் ஒருவர் மாநில அரசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இரண்டு விண்ணப்பங்களை அளித்தார். 1980 முதல் 2006 வரை அம்மாநிலத்தில் நடைபெற்ற நிர்வாக நடுவர் விசாரணைகள் குறித்த விவரங்களை அவர் கேட்டிருந்தார். பதில் வரவில்லை. சட்டத்தின் 18-ஆம் பிரிவின்கீழ் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் புகார் எழுதினார். ஆணையமும் அதை ஏற்று, தகவலைத் தருமாறு உத்தரவிட்டது. அரசு நீதிமன்றம் சென்றது. 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அலுவலகக் கடிதம் எழுதும் எவரும் ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டியது. தகவல் மறுக்கப்பட்டது தவறா, இல்லையா என்ற கேள்வி அங்கே தீர்மானமாகவில்லை. அவர் எழுதியது புகார். புகாரின் பேரில் ஆணையம் அதிகாரிக்குத் தண்டம் விதிக்கலாமே தவிர, தகவலைக் கொடுக்கும்படி ஆணையிட முடியாது. தகவல் வேண்டுமென்றால் 19-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும் என்பதே தீர்ப்பு. நான்கு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்தால் காலதாமதத்தைக் காரணம் காட்டாமல் விசாரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சலுகையும் அளித்தது. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் விண்ணப்பதாரர் ஏணியின் முதற்படிக்கே திரும்ப வேண்டியிருந்தது.

தமிழில் இந்த வேறுபாடு மேலும் மங்கிக் கிடக்கிறது. ‘மனு’ என்ற ஒரு சொல் நான்கையும் விழுங்கிவிடுகிறது. இந்தியில் நான்குக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன: ஆவேதன், அப்யாவேதன், அபீல், ஷிகாயத். ஆயினும் முதல் இரண்டுக்கும் இடையே ஒரு முன்னொட்டுதான் வேறுபாடு. வட இந்திய வளாகங்களில் அவையும் கலந்தே புழங்குகின்றன. ஆய்வு மாணவர்களின் வழக்கில் எல்லாமே ‘ரெப்ரசென்டேஷன்’. பதிவாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டால் போராட்டத்தில் பாதி முடிந்துவிட்டதாக ஒரு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதிக்குச் சட்டத்தில் பெரும்பாலும் மதிப்பில்லை.

நான்கையும் பிரித்தறிய இலக்கண வரையறை தேவையில்லை. கடிதம் எழுதுமுன் நிலைமை என்ன என்று பார்த்தாலே போதும். இதுவரை எந்த முடிவும் எடுக்கப்படவில்லை, விதி தரும் ஒன்றைக் கேட்கிறார் என்றால் அது விண்ணப்பம். முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, அதை மாற்றும் அதிகாரத்தை ஒரு விதி மேலதிகாரிக்கு வழங்கியிருக்கிறது என்றால் அது மேல்முறையீடு. ஒருவரின் நடத்தை தவறானது, அவர்மீது நடவடிக்கை வேண்டும் என்றால் அது புகார். முடிவு வந்துவிட்டது, ஆனால் மேல்முறையீட்டுக்கென்று விதி எதுவும் இல்லை. மறுபரிசீலனை செய்யும்படி வேண்டுவதைத் தவிர வழியில்லை என்றால் அதுவே முறையீடு, அதாவது ‘ரெப்ரசென்டேஷன்’. முதல் மூன்றுக்கும் எதிர்த்தரப்பில் ஒரு கடமை இருக்கும். நான்காவதற்குப் பெரும்பாலும் அது இல்லை. ஆகவே கையில் வேறு வழி இருக்கும்போது முறையீட்டைத் தேர்ந்தெடுப்பவர், பதில் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து அலுவலகத்தைத் தாமே விடுவிக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆய்வு முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் ஓர் ஆய்வாளரின் உதவித்தொகை மார்ச் மாதத்தில் நிறுத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் மூன்று பக்கத்தில் ஒரு முறையீடு எழுதுகிறார். முதற்பக்கத்தில் குடும்ப நிலை. இரண்டாம் பக்கத்தில் நெறியாளரின் பாரபட்சம். மூன்றாம் பக்கத்தில் ஆய்வுக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தர வேண்டும் என்ற கோரிக்கை. இறுதியில் உதவித்தொகையை மீண்டும் வழங்கக் கருணையுடன் ஆவன செய்ய வேண்டுதல். ஒரே உறைக்குள் புகாரும், விண்ணப்பமும், மேல்முறையீடும், முறையீடும் இருக்கின்றன. அலுவலகம் இதை எவ்வாறு கையாளும் என்பது பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ‘தக்க நடவடிக்கைக்காக’ என்ற குறிப்புடன் கடிதம் துறைத்தலைவருக்குப் போகும். அங்கிருந்து விளக்கம் கேட்டு நெறியாளருக்கே போகும். யார்மீது குற்றம் சாட்டப்பட்டதோ அவர் கையில் அந்தக் குற்றச்சாட்டு முழுமையாகச் சேரும். மற்ற மூன்று கோரிக்கைகளும் அவருடைய பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். இதில் சதி எதுவும் இருக்க வேண்டியதில்லை. கோப்பைப் பெறும் எழுத்தர் கடிதத்தின் ‘பொருள்’ வரியைப் பார்த்து அதை ஒரு பிரிவுக்கு அனுப்புகிறார்; நான்கு பொருள் இருந்தால் அவற்றுள் ஒன்றுக்குத்தான் அனுப்ப முடியும்.

அதே ஆய்வாளர் கடிதத்தைப் பிரித்து எழுதியிருந்தால் என்ன நடக்கும்? குழுவின் நடவடிக்கைக் குறிப்பு நகலுக்குப் பொதுத் தகவல் அலுவலரிடம் தனி விண்ணப்பம். மத்தியப் பல்கலைக்கழகமாயின் கட்டணம் பத்து ரூபாய். காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6-ஆம் பிரிவே சொல்கிறது. குடும்ப நிலையும் மனவருத்தமும் இங்கே வேண்டாதவை. ‘உதவித்தொகை ஏன் நிறுத்தப்பட்டது’ என்று கேட்பதும் பயனற்றது. கோப்பில் உள்ளதைத் தருவதுதான் அலுவலரின் கடமை. இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தர அவர் கடமைப்பட்டவர் அல்லர். ஏப்ரல் 1 அன்று விண்ணப்பம் அலுவலகத்தில் சேர்ந்தால், முப்பது நாள் மே 1 அன்று முடிகிறது. அதற்குள் பதில் இல்லையென்றால் மறுக்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். அன்றிலிருந்து மேலும் முப்பது நாள், அதாவது மே 31 வரை, முதல் மேல்முறையீட்டுக்குக் காலம் உண்டு. ‘ஏப்ரல் மாதக் கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை’ என்று நினைவூட்டல் எழுதுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். நினைவூட்டல் எந்தக் கடிகாரத்தையும் நிறுத்துவதில்லை. மே 31 சத்தமில்லாமல் கடந்து போகும். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் மேல்முறையீட்டு அலுவலர் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அவருடைய விருப்பத்தைப் பொறுத்தது.

மேல்முறையீட்டுக்கு இன்னொரு வலிமையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. தகவலை மறுத்தது சரியே என்று மெய்ப்பிக்கும் சுமையை 19-ஆம் பிரிவு மறுத்த அலுவலர்மீதே வைக்கிறது. மேல்முறையீடு செய்பவர் ‘மறுத்தீர்களே, எந்த விதிப்படி?’ என்று கேட்டால் போதும். 18-ஆம் பிரிவுப் புகாரின் நோக்கமோ வேறு. அலுவலர் நியாயமான காரணமின்றி மறுத்தாரா, தீய நோக்குடன் நடந்தாரா என்பதே அங்கே ஆராயப்படும். கிடைக்கக்கூடியது நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்க்கு மிகாத தண்டம். அந்தத் தொகையும் புகார் கொடுத்தவருக்கு வருவதில்லை. கோபம் தீரலாம், நடவடிக்கைக் குறிப்பு கைக்கு வராது.

உதவித்தொகைக்கான வழி வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள், உதவித்தொகை வழங்காமையையும் தாமதத்தையும் குறைகளின் பட்டியலில் சேர்த்துள்ளன. மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத வேண்டும். குழுவின் முடிவு ஏற்புடையதாக இல்லையெனில், முடிவு கிடைத்த பதினைந்து நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த ஒழுங்குமுறைகளில் முதற்படியின் பெயர் ‘புகார்’. ஆனால் அதன்வழி கேட்கப்படுவது ஒருவரைத் தண்டிப்பதை அன்று, பறிபோனதைத் திரும்பப் பெறுவதை. ஆகவே பெயரை மட்டும் நம்பி எழுதுவதும் ஆபத்தே. எந்த விதி கடிதத்துக்கு உயிர் தருகிறது, அந்த விதி அதை எப்பெயரால் அழைக்கிறது என்று பார்த்து, அப்பெயரையும் விதி எண்ணையும் பொருள் வரியில் எழுதிவிடுவதே பாதுகாப்பு. நீதிமன்றங்கள் தலைப்பைவிட உள்ளடக்கத்தைப் பார்ப்பவை; தவறான பிரிவைக் குறிப்பிட்டதற்காக மட்டும் ஒரு மனுவைத் தள்ளுவதில்லை. வருகைப் பதிவு மேசையில் இருப்பவரிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது அறியாமை.

இனி முறையீடு. அதன் மதிப்பைப் பற்றிய மயக்கம்தான் அதிகம் பேரை வீழ்த்தியிருக்கிறது. 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, விதி வழங்காத முறையீடுகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் வழக்குத் தொடுக்கும் காலவரம்பு நீளாது என்று தெளிவாக்கியது. தமிழ்நாட்டின் புவியியல், சுரங்கத் துறையில் பணியாற்றிய ஒருவரின் வழக்கு 2008-இல் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. 1982-இல் பணிநீக்கமானவர் சுமார் பதினெட்டு ஆண்டுகள் கழித்து 2000-இல் ஒரு முறையீடு அனுப்பினார். அதைப் பரிசீலிக்குமாறு தீர்ப்பாயம் ஆணையிட்டது. துறை பரிசீலித்து நிராகரித்தது. நிராகரிப்புக் கடிதத்தின் தேதியைப் புதிய தொடக்கமாகக் கொண்டு வழக்குத் தொடர்ந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செத்துப்போன உரிமைக்குப் பதில் கடிதம் ஒன்றால் உயிர் வராது என்பதே அதன் சாரம். ‘முறையீட்டைப் பரிசீலிக்கவும்’ என்று எளிதாக ஆணையிட்டுக் கோப்பை மூடும் நீதிமன்ற வழக்கத்தையும் அத்தீர்ப்பு கடிந்துகொண்டது. அந்த ஆணை கிடைத்ததும் பாதி வென்றுவிட்டதாக மகிழ்கிறார்கள். உண்மையில் கிடைப்பது பெரும்பாலும் காரணம் எழுதப்பட்ட ஒரு மறுப்பு மட்டுமே. மாணவர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவதற்கு எழுதப்பட்ட காலவரம்பு இல்லை. ஆனாலும் ‘இத்தனை நாள் என்ன செய்தீர்கள்’ என்ற முதற்கேள்விக்கு முத்திரையிட்ட ஐந்து நகல்கள் பதிலாகிவிடுவதில்லை.

முறையீடு எப்போதுமே வெறும் வேண்டுகோள் என்றும் சொல்லிவிட முடியாது. விதி அதைப் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் அதற்கு வேறு முகம் வந்துவிடுகிறது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயங்களை நிறுவிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம், விதிப்படியான மேல்முறையீட்டுக்கோ முறையீட்டுக்கோ ஆறு மாதம் பதில் வராவிட்டால், அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்கிறது. அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு இன்னும் ஒருபடி மேலே போகிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு அந்த ஆணையை எதிர்த்து முறையிட மிக விரைவில் வாய்ப்பளிக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அந்த முறையீட்டைப் பரிசீலிப்பதில் விளக்கமில்லாத தாமதம் நேர்ந்தது என்பதற்காகவே தடுப்பாணைகளை நீதிமன்றங்கள் ரத்து செய்துள்ளன. அதே சொல் ஓரிடத்தில் சிறைக்கதவைத் திறக்கிறது. இன்னோரிடத்தில் பதிவாளர் மேசையில் தூசி படிந்து கிடக்கிறது.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் பங்கு இல்லையா என்றால், உண்டு. பாதகமான கடிதம் எதை அனுப்பினாலும், அதை எதிர்த்து யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்த விதிப்படி மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் குறிப்பிட ஒரு வாக்கியம் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தகவலை மறுக்கும் அலுவலர் இவற்றை எழுதியே ஆக வேண்டும் என்று விதித்துள்ளது. உதவித்தொகையை நிறுத்தும் ஒற்றை வரிக் கடிதத்துக்கு அப்படியொரு வரியைச் சேர்க்க எந்தத் துணைவேந்தரும் நிதி ஒதுக்க வேண்டியதில்லை.