உரிமம் தேடிக் கரைந்த பணம்

“ஏகபோக உரிமத்தால் நெசவாளர் பணம் வியாபாரி கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான், நாட்டுக்கு நஷ்டமில்லை” என்கிறார் நண்பர். உரிமத்துக்கு நடக்கும் போட்டியை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

காஞ்சிபுரத்தில் ஜரிகை விற்க ஒருவருக்கே உரிமம், அதன் லாபம் 1 கோடி என்று வைப்போம். செலவுக்கேற்ப வாய்ப்பு கூடுமானால், நால்வர் மோதும்போது தலைக்கு 18.75 லட்சம் இறக்குவார்கள். ஆக, 75 லட்சம் அலைச்சலிலும் மனுக்களிலும் கரையும். பத்துப் பேரானால் 90 லட்சம். கோயில் கடை ஏலத்தொகை கோயிலுக்காவது சேரும். இது யாருக்கும் சேராது.

இது ஏட்டுக்கணக்கல்ல. ஆலையின் உற்பத்தித் திறனைப் பார்த்து இறக்குமதி உரிமம் தந்த காலத்தில், அதற்காகவே தேவைக்கு மேல் ஆலைத்திறன் பெருக்கப்பட்டதை பொருளியலாளர் ஆன் குரூகர் 1974-இல் எழுதினார். ஓடாத அந்த இயந்திரங்களின் விலை யார் கைக்கு மாறியது? நண்பர் பதில் சொல்லட்டும்.